முப்பது விநாடிக்குள் கொடிமுல்லை

விளம்பரம் எழுதுகிறேன் என்று சொன்னால், ஊரில் பாதிப் பேர் சுவரில் பெயின்ட் அடித்து எழுதுகிறவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் அதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறார்கள். வேலைதான். பதினோரு வருடம் தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்து, கரஸ்பாண்டென்டோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவள் நான். விருத்தாசலம் பாலக்கரைப் பக்கம் ஒரு செல்போன் கடைக்கு மாடியில் எங்கள் ஸ்டுடியோ. என் வயதுள்ள எடிட்டர் ஒருத்தரோடு கூட்டுச் சேர்ந்து, ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் டியூஷன் சென்டருக்கும் வீடியோ விளம்பரம் செய்து கொடுக்கிறோம். அவர் படத்தை வெட்டுவார், நான் பேச்சை வெட்டுவேன். வெட்டுவதில் எனக்குக் கை கூசாது. அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜாடிக் கம்பெனி முதலாளியை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். குவைத்தில் இருபது வருடம் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பி, பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட் பிடித்து ஊறுகாய் ஜாடி, உப்பு ஜாடி, தயிர்ச் சட்டி என்று செய்துகொண்டிருந்தார். சரக்கு நல்ல சரக்கு, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் கடையில் போய் ‘ஒரு பீங்கான் ஜாடி குடுங்க’ என்று கேட்கிறவளுக்கு எந்த ஜாடியைக் கொடுத்தாலும் ஒன்றுதான். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கொடிமுல்லை ஜாடி இருக்குதா என்று கேட்க வேண்டும். அதுதான் பாயின் ஆசை. அதற்குத்தான் கேபிள் டிவியிலும் தியேட்டர் இடைவேளையிலும் ஓட்ட விளம்பரம் வேண்டும் என்று வந்தார்.

ஸ்கிரிப்டையும் அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். நான்கு பக்கம். விருத்தாசலத்தில் மண் எப்படி, பீங்கான் எப்படி வந்தது, அவர் குவைத்தில் பட்ட கஷ்டம், ஜாடியின் மூடி ஏன் இறுக்கமாக இருக்கிறது, மூன்று போன் நம்பர், கிடைக்கும் கடைகள், கடைசியில் எல்லோருக்கும் நன்றி. செல்லில் ஸ்டாப்வாட்சைப் போட்டு, அவர் எதிரிலேயே சத்தமாகப் படித்தேன்.

“பாய், இத முழுசா படிச்சா ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு வருது. நமக்கு இருக்கறது முப்பது செகண்டு.”

“கொஞ்சம் வேகமா படிச்சிடுங்களேன் டீச்சர்.”

இதை எல்லா வாடிக்கையாளரும் சொல்வார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். வேகமாகப் படித்தால் வார்த்தை போய்ச் சேரும், பெயர் சேராது. பெயருக்கு முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் மூச்சு விட இடம் வேண்டும். அதுவுமில்லாமல் கேபிள்காரன் மிஷினுக்கு இரக்கம் கிடையாது. முப்பது என்றால் முப்பதில் அறுத்துவிட்டு அடுத்ததைப் போட்டுவிடும். எங்கள் முதல் வருடத்தில் ஒரு மெத்தைக் கடைக்கு முப்பத்தொன்றரை விநாடியில் செய்து கொடுத்தோம். கடைசியில் வரவேண்டிய கடைப் பெயரில் பாதியோடு அறுந்துபோயிற்று. அந்தக் கடைக்காரர் இன்னமும் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். அதிலிருந்து இருபத்தொன்பதரைக்கு மேல் நான் எதையும் விட்டதில்லை.

பேனாவை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன். மண் போயிற்று. குவைத் போயிற்று. அங்கேதான் பாய், “அல்லாவே, அது என் வாழ்க்கை டீச்சர்” என்றார். “உங்க வாழ்க்கைய வாங்க யாரு பாய் கடைக்கு வரா? ஜாடி வாங்கத்தான் வருவாங்க” என்றேன். முகம் சுண்டிப்போயிற்று. நான் கண்டுகொள்ளவில்லை. போன் நம்பரைப் பேச்சிலிருந்து எடுத்து எழுத்தாகத் திரையில் போட்டேன். படத்தில் தெரிகிற எதையும் வாயால் சொல்லக்கூடாது என்பது என் கணக்கு. மூடி தெரிகிறதே, மூடியைப் பற்றி என்ன பேச்சு? நன்றியும் போயிற்று. கொடிமுல்லை என்ற பெயர் மட்டும் முதல் ஐந்து விநாடிக்குள் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை. மற்றபடி ஜாடியைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஒன்றுக்கு மேல் சொன்னால் ஒன்றும் நிற்காது.

அந்த ஒரு விஷயம் என்ன என்று தெரியாமல்தான் மறுநாள் தொழிற்பேட்டைக்குப் போனேன். அங்கேதான் அவளைப் பார்த்தேன்.

சூளையிலிருந்து இறக்கி ஆறவைத்த ஜாடிகள் வரிசையாக இருந்தன. நாற்பது வயது தாண்டிய ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்ன மரக்கட்டையால் ஒவ்வொரு ஜாடியையும் தட்டிக்கொண்டு வந்தாள். டிங் என்று மணி மாதிரிக் கேட்டால் வலது பக்கம். டொக்கு என்று கேட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது என்று அர்த்தம், இடது பக்கம். ஒரு ஜாடியை நான் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மாசும் இல்லை. அவள் அதைக் கையிலிருந்து வாங்கித் தட்டினாள். டொக்கு. இடது பக்கம் வைத்துவிட்டாள்.

“எத்தன வருஷமா இந்த வேல?” என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. வாய் திறந்தது, உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது. “ப... ப... ப...” என்று வந்து, அப்புறம் நின்று, “பதினேழு” என்று விழுந்தது. திக்குவாய். பக்கத்தில் களிமண் பிசைந்துகொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்து சிரித்தார்கள். அவர்களுக்குப் பழகிய சிரிப்பு.

ஆனால் ஒரு வேடிக்கை. அவள் ஜாடிகளைத் தட்டிக்கொண்டே எண்ணும்போது ஒரு எண் கூடத் திக்கவில்லை. தட்டின தாளத்துக்கு ஒன்று, ரெண்டு, மூணு என்று கணீரென்று வந்தது. தாளம் இருந்தால் பேச்சு வருகிறது, நின்றால் பேச்சும் நிற்கிறது. எனக்குப் பொறி தட்டியது. இந்தச் சத்தம்தான் விளம்பரம். தட்டு, டிங், கொடிமுல்லை. மூன்று தட்டு, மூன்று பெயர். இவள்தான் சொல்ல வேண்டும். நடிகையைக் கூட்டி வந்தால் கட்டையைப் பிடிக்கிற பிடியிலேயே பொய் தெரிந்துவிடும்.

கேட்டதும் அவள் உடனே மாட்டேன் என்றாள். இரண்டு நாள் கழித்து அவளே ஸ்டுடியோ படியேறி வந்தாள். ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்து இழுத்து அவள் சொன்ன விஷயம் இது. அவளுக்கு ஒரே பெண், பார்மஸியில் வேலை செய்கிறது. போன வருடம் திட்டக்குடியிலிருந்து ஒரு வரன் வந்து, பெண்ணையும் பிடித்துப்போய், கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை இவளிடம் ஏதோ கேட்க, இவள் பதில் சொல்ல ஆரம்பித்து மாட்டிக்கொண்டாள். நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் இப்படி வந்துவிடும் என்று சொல்லி அந்த வரன் தட்டிப்போயிற்று. இப்போது பெண்ணாடத்திலிருந்து ஒரு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கரும்பு ஆலையில் வேலை பார்க்கிற பையன். அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள்.

“அவங்க பெ... பெண்ணாடத்துலயும் இந்த கே... கேபிளுதான் தெரியுமாம் டீச்சர்” என்றாள். “நான் ந... நல்லா பேசறத முன்னாடியே பாத்துட்டாங்கன்னா, அப்பறம் வூட்டுக்கு வந்தா நான் வா... வாயத் தொறக்காம சமையக்கட்டுலயே இருந்துடுவேன்.”

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. பொய் சொல்லவில்லை, அன்றைக்கு நிஜமாகவே இளகியது. “கவலப்படாத. நல்லா வந்தத மட்டும்தான் போடுவேன். திக்கினது ஒண்ணுகூட வெளிய போவாது” என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சொரசொரவென்று இருந்தது.

ரெக்கார்டிங் அன்று நல்ல நீலப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். கேமராவைப் பார்த்ததும் தாளமாவது மண்ணாவது, எல்லாம் பறந்துவிட்டது. முதல் எட்டுத் தடவையும் திக்கினாள். ஐந்தாவதில் ரொம்ப மோசம். கட்டையால் மூன்று தடவை தட்டிவிட்டாள், பெயர் மட்டும் வரவில்லை. “கொ... கொ... கொ...” என்று அடை காக்கிற கோழி மாதிரி வந்து, அப்புறம் ஒரேயடியாக “கொடிமுல்லை!” என்று வெடித்தது. எடிட்டர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நான் அவரை முறைத்தேன். ஒன்பதாவது தடவை சுத்தமாக வந்தது. ஒரு பிசிறு இல்லை. அவளுக்கே நம்ப முடியவில்லை. போட்டுக் காட்டச் சொல்லி மூன்று முறை பார்த்தாள். மூன்றாவது முறை அழுதாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

எல்லாம் சேர்த்து ஒட்டிப் பார்த்தபோது முப்பத்தாறு விநாடி வந்தது. நேரம் கூடப் பெரிய தொல்லை இல்லை, வெட்டிவிடலாம். தொல்லை வேறு. நான் எந்த விளம்பரத்தையும் வெளியே விடுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்வேன். கீழே செல்போன் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஐந்தாறு விளம்பரங்களை வரிசையாகப் போட்டு, எங்களுடையதை நடுவில் சொருகிவிடுவேன். டீ வாங்கிக் கொடுத்துப் பத்து நிமிடம் பஸ்ஸைப் பற்றி, வெயிலைப் பற்றி ஊர்க்கதை பேசுவேன். அப்புறம் மெதுவாக, “என்னென்ன பாத்தீங்க?” என்று கேட்பேன். பெயர் சொன்னால் பாஸ்.

ஆறு பேர் பார்த்தார்கள். ஆறு பேருக்கும் ஜாடி நினைவிருந்தது. தட்டுகிற சத்தம் நினைவிருந்தது. “அந்த நீலப்பொடவ கட்டின அம்மா” நினைவிருந்தது. பெயர்?

“ஏதோ பூ பேருங்க.”

“மல்லிகையா?”

“முல்லைன்னு வந்துச்சு. முன்னாடி என்னமோ வரும்.”

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் மட்டும் ரொம்ப நேரம் யோசித்து, “குண்டுமல்லி ஜாடி” என்று அடித்துச் சொன்னார். பாய் காசில் யாரோ ஒரு மல்லிகைக்காரன் பிழைத்துக்கொள்ளப் போகிறான். நான் திரும்பத் திரும்ப வெட்டினேன். பின்னணிக் குரல் இரண்டு வரியாயிற்று, ஒரு வரியாயிற்று. பெயருக்குப் பின்னால் ஒரு விநாடி மௌனம் விட்டேன். வேறு ஆட்களைக் கூப்பிட்டேன். மறுபடியும் ‘ஏதோ பூ’. அவள் அவ்வளவு அழகாக, வழுவழுவென்று சொன்னதில் பெயர் காதில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கேபிள்காரன் எப்போது தருவீர்கள் என்று போன் மேல் போன்.

நான்காம் நாள் வெளியே போயிருந்தேன். எடிட்டர் சும்மா இல்லாமல், எங்களுக்குள் சிரித்துக்கொள்வதற்காக அந்த ஐந்தாவது டேக்கைச் சேர்த்து ஒரு வீடியோ செய்து போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த ஒரு பெண்ணும் அவள் தம்பியும் பின்னால் நின்று பார்த்துவிட்டார்கள். நான் படியேறி வரும்போது அவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தம்பி படிக்கட்டுக் கம்பியில் மூன்று தட்டுத் தட்டி, “கொ கொ கொ கொடிமுல்லை!” என்றான். அக்காள்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரே தடவை பார்த்திருக்கிறார்கள். பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

நான் நேராகப் போய் எடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அந்த டேக்கப் போடுங்க” என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. “டீச்சர், அந்தம்மாகிட்ட...” என்று ஆரம்பித்தார். “போடுங்க சொல்றேன்” என்றேன்.

அதன் பிறகு நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. அந்த ஒரு மணி நேரம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முன்னால் ஒரு ஜாடி, டிங். ‘கொடிமுல்லை’ என்று ஒரு குரல். அடுத்த ஜாடி, டொக்கு, இடது பக்கம் போகிறது. பின்னணிக் குரலில் ஒரே வரி: ‘கீறல் இருந்தா காது சொல்லும்.’ அப்புறம் அவள் முகம் அருகில். முதல் தட்டு, கொ. இரண்டாம் தட்டு, கொ. மூன்றாம் தட்டு, கொ. ஒரு நொடி நிற்கிறது. பார்க்கிறவனே வாயைத் திறந்து அவளுக்காகச் சொல்லிவிடுவான், அப்படி ஒரு இழுப்பு. அப்போது வெடிக்கிறது, கொடிமுல்லை. திரையில் பெயர், போன் நம்பர், மௌனம். நடுவில் இருந்த விளக்கமெல்லாம் தேவையே இல்லாமல் போய்விட்டது. வாட்சைப் பார்த்தேன். இருபத்தொன்பதரை. இதற்குத்தானே நான் பிறந்தேன் என்று இருந்தது. அடிப்பாவி என்று என்னை நானே சொல்லிக்கொள்வது இப்போது. அன்றைக்குச் சொல்லவில்லை.

கீழேயிருந்து எட்டுப் பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எட்டுப் பேரும் பெயர் சொன்னார்கள். எட்டுப் பேரும் திக்கித்தான் சொன்னார்கள்.

பாய் பார்த்துவிட்டு முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, “அது பாவம் டீச்சர், ஒரு வார்த்த கேட்டுடுவோமா?” என்றார். கேட்டால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கக்கூடாது என்றும் தெரியும். “பாய், உங்க ஜாடிய ஊரு பேரு சொல்லிக் கேக்கணுமா வேணாமா?” என்றேன். அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். “அதுக்குச் சம்பளத்துல கொஞ்சம் சேத்துக் குடுத்துடறேன்” என்றார். அன்று சாயங்காலமே கேபிளுக்குப் போயிற்று.

ஒரு வாரம் ஆகவில்லை, ஊர் பற்றிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டில் பழக்காரி ஜாடியைத் தட்டுகிற மாதிரி கொய்யாவைத் தட்டி “கொ கொ கொ” என்கிறாள். ஸ்கூல் விடுகிற நேரம் தெருவெல்லாம் அதே சத்தம். யாரோ செல்லில் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். கோழிக்கடைக்காரன் ஒருத்தன் அதைத் தன் கடைக்கு ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். பாய் போன் செய்து, திட்டக்குடிக் கடையில் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள், சூளைக்கு இன்னொரு ஆள் போட வேண்டும் என்றார். கேட்கக் கேட்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் வீட்டில் மட்டும் டிவி ஓடவில்லை. ரிப்பேர் ஆகிக் கிடந்ததாம். பக்கத்து வீட்டில், பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, அவர்களே கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்துக் காட்டியிருக்கிறார்கள். மறுநாள் காலையிலேயே ஸ்டுடியோ வாசலில் நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் முந்திக்கொண்டு முகத்தை இறுக்கிக்கொண்டேன். சண்டைக்கு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு போட்டால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

“டீச்சர், த... தப்பா வந்தது போயிடுச்சு” என்றாள். “நீங்க பா... பாக்கல போல. அந்த அண்ணன் மாத்திக் கு... குடுத்துட்டாரு. நல்லா வந்தது இருக்குது இல்ல, அத போ... போட்டுடச் சொல்லுங்க. பெண்ணாடத்துக்காரங்க ஞாயித்துக்கெழம வராங்க.”

நான் தெரிந்தே செய்திருப்பேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எடிட்டர் திரும்பி உட்கார்ந்துகொண்டு இல்லாத வேலையைப் பார்த்தார். மாற்றுவது ஒன்றும் கஷ்டமில்லை. கேபிள்காரனுக்கு ஒரு போன், ஒரு பென்டிரைவ். அரை மணி நேர வேலை.

“கேபிளுக்குக் குடுத்தாச்சும்மா” என்றேன். “ஒரு மாசத்துக்கு மாத்த முடியாது. மிஷின்ல ஏத்திட்டாங்க.”

“ஒரு மா... மாசமா?”

“ஆமா. நான் என்ன செய்யட்டும்?”

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள். மிஷின் என்றால் நம்பித்தானே ஆக வேண்டும். “பரவால்ல டீச்சர், நீங்க வே... வேணும்னேவா செஞ்சீங்க” என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கீழே செல்போன் கடையில் யாரோ “கொ கொ கொ” என்றார்கள். அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு போனதை ஜன்னலில் பார்த்தேன். அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நான் போன் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இந்த வரனும் தட்டிப்போனால் அது என் கையால். திங்கட்கிழமை அவள் வந்தாள். கையில் சின்னத் தூக்கில் கேசரி.

“பொ... பொண்ணு புடிச்சிருக்காம் டீச்சர்.”

“அவங்க பாத்தாங்களா? விளம்பரத்த?”

“பாத்தாங்களாம். என்னப் பாத்ததும் சி... சிரிச்சாங்க. ‘நீங்களா அது’ன்னு கேட்டாங்க. நல்லவங்கதான். ஒண்ணும் சொ... சொல்லல.”

எனக்கு மூச்சு வந்தது. பார்த்தாயா, நல்லதுதானே நடந்தது, வீணாக மனதைப் போட்டு உழப்பிக்கொண்டாய் என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். கேசரியை நானும் எடிட்டரும் பங்கு போட்டுத் தின்றோம். நிச்சயதார்த்தத்துக்கு அவசியம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனேன். ரயில்வே லைன் பக்கம் ஒரு சின்ன ஹால். ஒரு வேனில் பெண்ணாடத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். நான் உள்ளே நுழையும்போதே பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு “சொல்லுங்க, சொல்லுங்க” என்று புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. அவள் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பந்தி வேலை இருக்கிறது என்று கையால் காட்டி நழுவினாள். பாயும் வந்திருந்தார். பெரிய ஜாடி ஒன்று பரிசாகக் கொண்டுவந்திருந்தார்.

பத்திரிகை வாசித்தார்கள். இரண்டு பக்கமும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், புடவை. தட்டு மாற்றினால் முடிந்தது, பேச்சு உறுதி. அவளும் அவள் வீட்டுக்காரரும் ஒரு தட்டைச் சேர்த்துப் பிடித்திருந்தார்கள். அப்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் மைக்கைப் பிடித்தார். நல்ல கலகலப்பான மனிதர். வம்பு செய்கிறவர் இல்லை.

“இருங்க, இருங்க. தட்ட அப்பறம் மாத்திக்கலாம். நம்ம சம்பந்தியம்மா டிவி ஸ்டார் இல்ல? நேர்ல ஒரு தடவ சொல்லட்டும், அப்பறம் மாத்துவோம். என்ன மச்சான்?”

ஹாலே கைதட்டியது. மாப்பிள்ளையின் அப்பா சிரித்துக்கொண்டே தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மைக் அவள் வாய்க்குக் கீழே வந்தது.

அவள் தட்டின் விளிம்பில் விரலால் மெதுவாகத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் சொன்னாள்.

“கொடிமுல்லை.”

சுத்தமாக வந்தது. ரெக்கார்டிங்கில் ஒன்பதாவது தடவை வந்ததைவிடச் சுத்தமாக. மைக் இல்லாவிட்டாலும் கடைசி வரிசைக்குக் கேட்டிருக்கும். அவள் முகம் ஒரு கணம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இத்தனை பேருக்கு முன்னால் வந்துவிட்டது.

ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் முகம் தொங்கிப்போயிற்று.

“இது இல்லைங்க” என்றார் தாய்மாமன். “டிவில சொன்ன மாதிரி. இது யாரு வேணாலும் சொல்லுவாங்களே!”

அவள் பெண்ணைப் பார்த்தாள். பெண் நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கையில் இருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. “சொல்லிடும்மா” என்றது. மெல்லத்தான் சொன்னது, மைக் பிடித்துக்கொண்டுவிட்டது.

அவள் நடிக்கப் பார்த்தாள். “கொ. கொ. கொ” என்று எண்ணி வைத்த மாதிரி மூன்று சொன்னாள். வாய்ப்பாடு மாதிரி இருந்தது, யாரும் சிரிக்கவில்லை. மறுபடி ஆரம்பித்தாள். இந்தத் தடவை நிஜமாகவே பிடித்துக்கொண்டது. உதடு திறந்தபடி நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. சத்தமே வரவில்லை. தட்டில் வாழைப்பழம் நடுங்கியது. அவள் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நூறு பேர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று சத்தியமாக எனக்குத் தெரியும். பதினோரு விநாடி. அந்த நிலைமையிலும் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

“கொ... கொ... கொ... கொடிமுல்லை!”

முதலில் கைதட்டியது நான்தான். யோசித்துத் தட்டவில்லை, அந்த மௌனம் போனால் போதும் என்று கை தானாகத் தட்டிவிட்டது. உடனே ஹால் அதிர்ந்தது. பிள்ளைகள் குதித்தன. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தட்டு மாற்றினார்கள்.

பந்தியில் அவளே எனக்குச் சாம்பார் ஊற்ற வந்தாள். அதே நீலப்புடவை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. குனிந்து என் காதருகில் கேட்டாள்.

“ச... சரியா செஞ்சனா டீச்சர்? க... கல்யாணத்துலயும் சொல்லணுமாம்.”

இலையிலிருந்து நிமிர எனக்குத் தைரியம் வரவில்லை. “சரியாத்தாம்மா செஞ்ச” என்றேன்.